மாதம் எழுதாத சீட்டுகள்

ஐம்பதுகளின் நடுவில், பெரியபட்டினத்துக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரு கடற்கரை ஊரில், தாய்சேய் நல நிலையத்து நர்ஸாக ஆறு வருஷம் வேலை பார்த்தேன். சிக்கல் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து படித்து வெளியே வந்த முதல் பெண் நான். பிரசவம் பார்க்கும் படிப்பை மதுரையில் முடித்து, வெள்ளைச் சேலையும் கறுப்புப் பெட்டியுமாக அந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது எனக்கு இருபத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. அய்யா ஒரு வருஷம் மாப்பிள்ளை பார்த்துவிட்டு, என் சம்பளம் வீட்டுக்கு வரத் தொடங்கியதும் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

ஊரில் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள். ஆண்கள் கொழும்பிலும் பினாங்கிலும் கடை வைத்திருந்தார்கள், அல்லது தோணியில் போனார்கள். பெண்கள் வெளியே வருவது குறைவு. நிலையத்தின் முன்வாசல் கடைத்தெருவைப் பார்த்து இருந்ததால், வலி எடுத்துப் பிள்ளை பாதி வந்த பிறகுதான் ஆள் அனுப்புவார்கள். அதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும் என்கிற மாதிரி எத்தனையோ காரியம் கெட்டுப்போவதைப் பார்த்தேன்.

அதனால்தான் அந்தப் பெட்டியை வைத்தேன். அது என் யோசனை. இதைச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பிற்பாடு அந்த ஊரில் யாருக்கும் அது நினைவில் இல்லை.

பெண்கள் மட்டும் நடக்கும் பின்தெரு ஒன்று அங்கே உண்டு. வீடுகளின் பின்வாசல்கள் எல்லாம் அதில்தான் திறக்கும். அந்தத் தெருவில் பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்த ஓர் அம்மா இருந்தார். வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் அவரை லாத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிட்டார்கள். அவர் வீட்டுப் பின்சுவரில் ஒரு தகரப்பெட்டி மாட்டினேன். கேட்க வேண்டியதைச் சீட்டில் எழுதிப் போடலாம். பேர் எழுத வேண்டாம். செவ்வாய்க்கிழமை பெட்டியைத் திறப்போம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போன பிறகு, பெண்கள் லாத்தா வீட்டு உள்கூடத்தில் கூடுவார்கள். ஒவ்வொரு சீட்டையும் வாசித்து அதற்குப் பதில் சொல்ல வேண்டும். பதில் எழுதிய தாளை ஒரு வாரம் அங்கே சுவரில் ஒட்டி வைப்போம்.

லாத்தா இதற்குச் சம்மதித்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். யார் எழுதியது என்று ஒருநாளும் கேட்கக் கூடாது. பார்வையாலும் தேடக் கூடாது. ஒருத்தியை அடையாளம் கண்டுகொண்டதாகத் தெரிந்தால் மறுவாரம் பெட்டி காலியாக இருக்கும் என்றார். அவர் சொன்னது சரி என்று எனக்கும் தெரிந்தது.

முதல் எட்டு மாதம் நான் மட்டும்தான் பதில் சொன்னேன். பாதிச் சீட்டுகள் அரபு எழுத்தில் எழுதிய தமிழில் வரும். அவற்றை லாத்தா வாசித்துச் சொல்ல, நான் எழுதிக்கொள்வேன். என் பதில்கள் சுருக்கமாக இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. மருத்துவம் படித்தவள் தயங்கிப் பேசக் கூடாது என்று எங்கள் விடுதித் தலைமை நர்ஸ் சொல்லியிருந்தார். கேள்வி புரியாவிட்டால், விவரம் போதாது, மறுபடி எழுதவும் என்று சொல்லி அடுத்த சீட்டை எடுத்துவிடுவேன். அப்படிச் சொன்ன ஒரு சீட்டுக்குக்கூட மறுசீட்டு வந்ததில்லை. எழுதியவளுக்கு அது அவ்வளவு முக்கியம் இல்லை போலும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாவது மாதம் இன்னொரு நர்ஸை அனுப்பினார்கள்.

அவள் பாம்பன்காரி. முஸ்லிம் பெண், என்னைவிட மூன்று வயது சின்னவள். கல்யாணமாகி நான்கு வருஷம் ஆகியிருந்தது. புருஷன் கப்பலில் வேலை. ஒரு மாதம் ரங்கூன், ஒரு மாதம் பினாங்கு, அதற்கடுத்து எங்கே என்று அவனுக்கே தெரியாது. வந்த அன்றே என்னை அக்கா என்றாள். ஏலக்காய் மென்றுகொண்டே பேசுவாள். லாத்தா வீட்டுக்கு முதல்முறை கூட்டிப் போனபோது சலாம் சொல்லி உள்ளே நுழைந்தவள், பத்து நிமிஷத்தில் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதமாக நான் உட்காரும் இடம் கூடத்து நாற்காலிதான். அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் நாற்காலி. அதை மரியாதை என்று எண்ணியிருந்தேன்.

அரபு எழுத்துச் சீட்டுகளை அவளே வாசித்தாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் பதில் சொன்ன முதல் வெள்ளிக்கிழமை இன்னும் நினைவிருக்கிறது. காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை சாப்பிடலாமா என்று ஒரு சீட்டு. நானாயிருந்தால் சாப்பிடலாம், இத்தனை மாத்திரை என்று சொல்லியிருப்பேன். அவள் சீட்டை இரண்டு தடவை வாசித்துவிட்டுப் பேசினாள்.

“இதை எழுதுனவுக பிள்ளை உண்டாயிருக்காகளா இல்லையான்னு எழுதலை. நான் உண்டாயிருக்காகன்னு வச்சுக்கிட்டுச் சொல்றேன். ஏன்னா அதுல தப்பாப்போனாத்தான் ஆபத்து, கொயினா கருவைக் கலைச்சிரும். அப்படின்னா தானா மாத்திரை முழுங்க வேணாம். காய்ச்சலையும் சும்மா விட வேணாம். பின்வாசல் வழியா நிலையத்துக்கு வாங்க, டாக்டரைக் கேட்டு மருந்து தாரோம். உண்டாகலைன்னா வேற கணக்கு. அதையும் சொல்றேன்.”

அப்புறம் அதையும் சொன்னாள். ஓரத்தில் முக்காட்டுக்குள் இருந்த இரண்டு மூன்று பேர் தலையை ஆட்டியதைப் பார்த்தேன். நான் பதில் சொன்ன நாட்களில் யாரும் தலையாட்டியதில்லை. கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

திரும்பி வரும்போது, இவ்வளவு நீட்டினால் யார் மனதில் நிற்கும் என்று கேட்டேன். நம்மைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இப்படி ‘அப்படியானால் இப்படி’ என்று இழுக்கிறோமென்று நினைப்பார்கள் என்றும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. புருஷனுக்குக் கடுதாசி எழுதி எழுதி வந்த பழக்கம் என்றாள். அவன் ஒன்று கேட்டு எழுதுவானாம். அது வந்து சேருவதற்குள் கப்பல் வேறு துறைமுகத்துக்குப் போயிருக்கும். நீங்கள் எதைக் கேட்டீர்கள் என்று திருப்பி எழுதினால் அந்தக் கடிதம் அவனைத் தேடி அலைந்து மூன்று மாதம் போய்விடும். அதனால், நீங்கள் கேட்டதை இப்படித்தான் எடுத்துக்கொண்டேன் என்று முதல் வரியில் சொல்லிவிட்டு, கையோடு பதிலும் எழுதிவிடுவாளாம். தப்பாக எடுத்துக்கொண்டிருந்தால் அவனுக்கே தெரிந்துவிடும் அல்லவா என்றாள்.

எனக்குக் கடிதம் எழுத அப்படி யாரும் இல்லை. அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை என்றால் மிகையாக இருக்கும். சாப்பிட்டேன். ஆனால் அவளோடு பேசவில்லை.

பெட்டியில் சீட்டுகள் கூடின. வெள்ளிக்கிழமை உள்கூடம் போதாமல் முற்றத்திலும் பாய் விரித்தார்கள். அவளைத் தங்கச்சி என்றும் மகளே என்றும் கூப்பிட்டார்கள். என்னை நர்ஸம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். நோன்பு மாதம் வந்தபோது கஞ்சிக் கலயம் இரண்டு வரும். ஒன்று எங்கள் இருவருக்கும், இன்னொன்று அவளுக்கு மட்டும். அவள் நோன்பு வைத்தவள், நான் வைக்காதவள், அதனால்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கலயங்களையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவளைப் போலவே செய்து பார்ப்பது என்று ஒருமுறை முடிவு செய்தேன். தலைப்பேனுக்கு என்ன செய்வது என்று ஒரு சீட்டு. அதற்கு நான், சிறுபிள்ளை என்று வைத்துக்கொண்டால், பெரியவள் என்று வைத்துக்கொண்டால், தலையில் புண் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், இல்லை என்று வைத்துக்கொண்டால், நீண்ட முடி என்றால், குட்டை முடி என்றால் என்று அடுக்கிக்கொண்டே போனேன். முற்றத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். ஒரு கிழவி எழுந்து, கடைசியில் என்ன பூசுறது என்று கேட்டாள்.

அடுத்த சீட்டு பாம்பன்காரி கைக்குப் போனது. பிள்ளைக்குச் சோறு எப்போது ஊட்டத் தொடங்கலாம் என்பது கேள்வி. அதற்கு அவள் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. ஆறு மாதம் நெருங்கும்போது, நன்றாகக் குழைத்து, ஒரு கரண்டியில் தொடங்குங்கள் என்று இரண்டே வாக்கியத்தில் முடித்தாள். அன்று சாயங்காலம் நான் கேட்காமலேயே சொன்னாள். “எது மாறுனா பதிலும் மாறுமோ அதை மட்டும் சொன்னாப் போதும்க்கா. பேனுக்கு எல்லாருக்கும் ஒரே வேப்பெண்ணெய்தானே.”

அவள் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் அவளை மன்னிக்க முடியவில்லை.

மாதம் ஒருமுறை ராமநாதபுரத்திலிருந்து லேடி டாக்டர் ஜீப்பில் வருவார். பதில் தாள்களைப் பார்த்தவர், சுற்று வட்டாரத்து நிலையங்களுக்கெல்லாம் இதைக் காட்ட வேண்டும், ஒரு நோட்டில் பிரதி எடுத்து அனுப்புங்கள் என்றார். அப்படிச் சொல்லும்போது அவளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பெட்டி வைத்தது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிய வேண்டும் என்று எதிர்பார்த்தேன்.

கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் பிரதி எடுக்கும் வேலை எனக்கு வந்தது. அப்போது ஒரு காரியம் செய்தேன். அவளுடைய பதில்களில் இருந்து ‘இப்படி வைத்துக்கொண்டு சொல்கிறேன்’ என்ற வரிகளை எல்லாம் எடுத்துவிட்டேன். நோட்டு சுத்தமாக இருக்க வேண்டும், நறுக்கென்று இருக்க வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த வரிகளில்தான் அவள் குரல் இருந்தது. அது இல்லாவிட்டால் அந்தப் பதில்கள் யார் சொன்னதாகவும் இருக்கலாம். நான் சொன்னதாகக்கூட.

நோட்டு மூன்றாம் வாரமே திரும்பி வந்தது. பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் சிவப்பு மை. விளக்கெண்ணெய் அரைக் கரண்டி என்று இருந்த இடத்தில், எத்தனை வயதுப் பிள்ளைக்கு? கொயினா என்ற இடத்தில், கர்ப்பிணியா? கஞ்சித் தண்ணீர் என்ற இடத்தில், பால்குடியா, மறந்ததா? முதல் பக்கத்தில் டாக்டர் எழுதியிருந்தார், இப்படியே மற்ற ஊர்களுக்குப் போனால் ஆபத்து, உங்கள் சுவரில் நான் வாசித்தது இது அல்லவே என்று. அவள் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். என்ன நடந்தது என்று அவளுக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்திருக்கும். மறுபடி எழுதும்போது நான் வாசிக்கிறேன், நீங்கள் எழுதுங்கள் அக்கா என்று மட்டும் சொன்னாள். இரண்டு நாள் அவள் வாசிக்க நான் எழுதினேன். ஒவ்வொரு தடவை ‘வச்சுக்கிட்டுச் சொல்றேன்’ வரும்போதும் தலை நிமிராமல் எழுதினேன். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

இதற்குப் பிறகு ஒரு மாதம் இருக்கும். அவள் புருஷன் வந்த கப்பல் தூத்துக்குடியில் நின்றது. பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, பச்சைப் பட்டுச் சேலை கட்டி, கண்ணுக்குச் சுர்மா இட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். நான்தான் துணிப்பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன்.

அந்த வாரம் பெட்டியில் ஏழு சீட்டுகள் இருந்தன. நான்காவது சீட்டு, தமிழ் எழுத்தில், பென்சிலால் எழுதியது. பிள்ளைக்கு மூன்று நாளாக வயிற்றால் போகிறது, பால் கொடுக்கலாமா, அவ்வளவுதான். பிள்ளைக்கு எத்தனை மாதம், என்ன பால் என்று இல்லை.

கொழும்பிலிருந்து வரும் டின் பால் அப்போது ஊரில் பெருமையாக இருந்தது. வசதியான வீடுகளில் புட்டியில் கரைத்துக் கொடுப்பார்கள். புட்டியைச் சரியாகக் கழுவமாட்டார்கள். அதற்கு முந்தின மாதம் வயிற்றுப்போக்கோடு நான் பார்த்த மூன்று பிள்ளைகளும் புட்டிப்பால் பிள்ளைகள். ஆகவே சீட்டை வாசித்தவுடனே என் கண்ணில் தெரிந்தது புட்டிதான். இன்னொரு மாதிரியும் இருக்கலாம் என்று தோன்றாமல் இல்லை. தோன்றியது. நான் இப்படி எடுத்துக்கொள்கிறேன் என்று வாயைத் திறந்து ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் மாதிரி சொன்னதாகிவிடும். முற்றம் நிறைந்திருந்தது. அவள் இல்லாத முதல் வெள்ளிக்கிழமை. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பால் கூடாது. நிறுத்தணும். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணி மட்டும் குடுங்க, போக்கு நிக்கிற வரைக்கும்” என்றேன்.

ஓரத்திலிருந்து ஒரு குரல், எந்தப் பாலா இருந்தாலுமா என்று கேட்டது போல் இருந்தது. அதற்குள் நான் ஐந்தாவது சீட்டைப் பிரித்துவிட்டேன். தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பெரிய எழுத்தில், நறுக்கென்று.

அவள் லீவு முடியும் முன்பே திங்கட்கிழமை திரும்பிவிட்டாள். கப்பல் முன்கூட்டியே கிளம்பிவிட்டதாம். முகம் வாடியிருந்தது. எனக்கு அதில் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதை இப்போது எழுதுவதற்குக் கை கூசுகிறது.

செவ்வாய்க்கிழமை காலை இருவரும் பெட்டியைத் திறந்தோம். அதே பென்சில் எழுத்து. அவள் வாசித்தாள். பால் நிறுத்தி நாலு நாள் ஆகிறது. நெஞ்சு கட்டிக் கல்லாக இருக்கிறது. பிள்ளை இப்போது அழக்கூட மாட்டேன் என்கிறது. இன்னும் எத்தனை நாள் நிறுத்த வேண்டும்?

அவள் சுவரில் இருந்த என் தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தகரப்பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க முடியாது. யார் எழுதியது என்று தெரியாது. லாத்தாவிடம், இந்தக் கையெழுத்து யாருடையது, உங்களுக்குத் தெரியாமல் இருக்காது என்று கெஞ்சினேன். பென்சிலில் எழுதுகிற பெண்கள் முப்பது பேர் இருக்கிறார்கள், சத்தியமாகத் தெரியாது என்றார். தெருவில் இறங்கி வீடு வீடாக, பால் நிறுத்தினது யார் என்று கேட்டுவிட வேண்டியதுதான் என்றேன். அவள் தடுத்தாள். மாமியார் முன்னால், நாத்தனார் முன்னால் யார் ஒத்துக்கொள்வார்கள், இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினால் அதோடு அந்தப் பிள்ளை போச்சு என்றாள். கேள்வி கேட்டால்தான் பதில் சொல்ல முடியும் என்பதில்லை, கேட்காமலேயே பதிலைக் கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்று தாளை எடுத்து உட்கார்ந்தாள். கால் மணி நேரத்தில் எழுதி என்னிடம் கொடுத்தாள். அதை நான் இன்றைக்கும் பார்க்காமல் சொல்லுவேன்.

“பால் நிறுத்தியதாகச் சீட்டுப் போட்ட தாய்க்கு. பிள்ளை தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை, ஆறு மாதத்துக்கு உட்பட்டது என்று வைத்துக்கொண்டு சொல்கிறோம். போன வெள்ளிக்கிழமை நாங்கள் சொன்னது புட்டிப்பாலுக்கு. அதைச் சொல்லாமல் விட்டது எங்கள் தவறு. தாய்ப்பாலை இந்த நிமிஷமே மறுபடி கொடுக்க வேண்டும். கட்டியிருந்தால் வெந்நீர்த் துணி ஒற்றி, கொஞ்சம் பீய்ச்சிவிட்டுப் பிறகு வாயில் வையுங்கள். பிள்ளை உறிஞ்சாவிட்டால், உச்சி குழிந்திருந்தால், காலையிலிருந்து ஒன்றுக்குப் போகாவிட்டால் வீட்டில் வைத்திருக்க வேண்டாம். நிலையத்துப் பின்கதவு திறந்திருக்கும். பேர் கேட்க மாட்டோம். புட்டிப்பால் குடிக்கும் பிள்ளையானால் போன வாரம் சொன்னபடி இருக்கட்டும், ஆனால் இந்த அடையாளம் இருந்தால் அதுவும் வர வேண்டும்.”

நாங்கள் என்று எழுதியிருந்தாள். எங்கள் தவறு. அவள் அன்று ஊரிலேயே இல்லை. அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் எனக்கு நன்றியும் வந்தது, அதைவிடப் பெரிதாக எரிச்சலும் வந்தது. அந்த நேரத்திலும் அவள்தான் உயர்ந்து நின்றாள்.

வாசிப்பது யார் என்று அவள் கேட்கும் முன்பே தாளை வாங்கிக்கொண்டு பின்தெருவில் இறங்கினேன். ஒவ்வொரு பின்வாசலிலும் நின்று, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல், தாளில் இருந்ததை முழுக்க வாசித்தேன். எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி, முதலிலிருந்து கடைசி வரை. லாத்தா எனக்கு முன்னால் நடந்து கதவுகளைத் தட்டிக்கொண்டே போனார். லாத்தாவிடம் ஓதிய பெரிய பெண்கள் நாலைந்து பேர் தாளைப் பார்த்து எழுதிக்கொண்டு மற்றத் தெருக்களுக்குப் போனார்கள். ‘நாங்கள் சொன்னது’ என்ற இடம் வரும்போது, மூன்றாவது வீட்டிலிருந்து ‘நான் சொன்னது’ என்று மாற்றி வாசித்தேன். நல்ல எண்ணம் மட்டும் அதற்குக் காரணம் அல்ல. அவளுக்கு அந்தப் பெருமையைக் கொடுக்க மனம் வரவில்லை.

நடுப்பகல் லுஹர் பாங்கு சொன்ன பிறகு முதல் பெண் வந்தாள். கூட அவளுடைய மாமி. துணிக்குள் இரண்டு மாதப் பிள்ளை, உச்சியில் ஒரு விரல் அமிழும் அளவுக்குக் குழி. கண் மேலே சொருகியிருந்தது. நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. பாம்பன்காரி பிள்ளையை வாங்கிக்கொண்டாள், நான் தாயைக் கவனித்தேன். பாலைப் பீய்ச்சிக் கரண்டியில் சொட்டுச் சொட்டாக விட்டோம். இடையிடையே கொதித்து ஆறிய தண்ணீரில் சர்க்கரையும் துளி உப்பும் கரைத்து விட்டோம். ஒரு மணி நேரம் விழுங்கவே இல்லை, ஓரத்தில் வழிந்தது. ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோக ஒரு வியாபாரியின் காரைக் கேட்டு லாத்தா ஆள் அனுப்பினார். கார் வருவதற்குள் இரண்டாவது பெண் வந்துவிட்டாள். தனியாக வந்தாள். நான்கு மாதப் பிள்ளை. இது அவ்வளவு மோசம் இல்லை. தாயின் மடியில் வைத்ததும் வாய் தேடியது.

இரண்டு பேரும் தாய்ப்பால் நிறுத்தியவர்கள். இருவரும் வெள்ளிக்கிழமை முற்றத்தில் இருந்தவர்கள். பென்சில் சீட்டு எழுதியது நான்தான் என்று இருவரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஒரு சீட்டுக்குச் சொன்ன பதிலை எத்தனை பேர் தங்களுக்கு என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

இரண்டு மாதப் பிள்ளையோடு காரில் நான் போனேன். ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி வழியே உப்புநீர் ஏற்றினார்கள். லேடி டாக்டர் என்னிடம் என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். எதையும் விடாமல் சொன்னேன், சீட்டில் மாதம் இல்லை என்பதையும், எனக்கு இன்னொரு சாத்தியம் தோன்றியும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதையும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. பிள்ளையைப் போய்ப் பாருங்கள் என்றார்.

மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை சத்தம் போட்டு அழுதது. அதன் தாய் முக்காட்டுக்குள்ளிருந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். ‘நான் சொன்னது’ என்று நான் வாசித்ததை அவள் நிச்சயம் கேட்டிருப்பாள். இருந்தும் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வாசிக்க வேண்டாம், பாம்பன்காரியே வாசிக்கட்டும் என்று இருந்தேன். அவள் சீட்டுகளை என் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். முதல் சீட்டு, முதுகு வலிக்கு என்ன செய்வது. நான் நாற்காலியை விட்டுப் பாயில் இறங்கி உட்கார்ந்தேன். எழுதினவர் எத்தனாம் மாதம் என்று சொல்லவில்லை, ஏழு மாதத்துக்கு மேல் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன் என்று தொடங்கினேன். பின்னாலிருந்து அந்தக் கிழவி, இப்பத்தான் இவளும் நம்ம பாம்பன் தங்கச்சி மாதிரிப் பேசுறா என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். மெதுவாகச் சொன்னதாக நினைத்திருப்பாள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அடுத்த வருஷம் அவள் புருஷன் பினாங்கில் கரை வேலை பிடித்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அதன்பிறகு இரண்டு வருஷம் பெட்டியை நான் மட்டும் நடத்தினேன். ஒரு சீட்டுக்குக்கூட மறுபடி எழுதச் சொல்லவில்லை. எதை எடுத்துக்கொண்டேன் என்பதைச் சொல்லாமல் எந்தப் பதிலையும் விட்டதில்லை. தப்பாக எடுத்துக்கொண்டிருந்தால் அடுத்த வாரமே திருத்திச் சீட்டு வரும். இல்லை நர்ஸம்மா, எனக்கு நாலு மாதம்தான் என்று. அந்தத் திருத்தச் சீட்டுகளைப் பார்க்கும்போது எனக்கு இருந்த சந்தோஷம் பாராட்டில்கூட இருந்ததில்லை.

சாயல்குடிக்கு மாற்றலாகிப் போகும் அன்று லாத்தா என்னை வழியனுப்பப் பின்வாசல் வரைக்கும் வந்தார். பாம்பன் தங்கச்சி வைத்த பெட்டியை எங்களுக்காக நல்லபடியாகக் காப்பாற்றினீர்கள் என்றார். பெட்டியை வைத்தது நான் என்று சொல்ல வாய் எடுத்தேன். அவருக்கு வயதாகிவிட்டது, பார்வையும் மங்கிவிட்டது. சரி லாத்தா, வாரேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். சாயல்குடி போய்ச் சேரும் வரையில் அது என்னை அரித்துக்கொண்டுதான் இருந்தது.